தம்பி கையில் பச்சைப் பெயின்ட்

அக்கா மகள் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் கண்ணசரும் நேரமாகப் பார்த்து, தடித்த கைடு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"மாமா, இதுல கைடு தப்பா, நான் தப்பா? நீங்களே சொல்லுங்க."

கேள்வி இதுதான். நான் வீட்டுக்கு வந்தபோது தம்பியின் கைகள் பச்சையாக இருந்தன, ஏனென்றால் அவன் கேட்டுக்குப் பெயின்ட்... இந்த இடத்தில் ஒரு கோடு. ஆங்கிலத்தில் அந்தக் கோட்டை நிரப்ப நான்கு விடைகள் கொடுத்திருந்தார்கள்: 'பெயின்ட்டட்', 'வாஸ் பெயின்ட்டிங்', 'ஹேட் பெயின்ட்டட்', 'ஹேட் பீன் பெயின்ட்டிங்'. அவள் மூன்றாவதைக் குறித்திருந்தாள். கைடு நான்காவதுதான் சரி என்றது.

"ரெண்டு சம்பவம் இருந்தா எது முதல்ல நடந்துச்சோ அதுக்கு ஹேட் போடணும்னுதானே சொல்லிக் கொடுத்தாங்க? பெயின்ட் அடிச்சதுதான் முதல்ல. நான் வந்தது அப்புறம். ஹேட் போட்டுட்டேனே, மாமா!"

நியாயமான கேள்வி. முப்பது வருஷம் ஆங்கிலப் பாடம் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவள் மீது தப்பில்லை. அவளுக்குச் சொல்லிக் கொடுத்த விதி பாதி விதி. இரண்டு இறந்தகாலச் சம்பவங்களில் முந்தியதற்கு 'ஹேட்' என்பது உண்மைதான். ஆனால் அந்த 'ஹேட்' மூன்றாவது விடையிலும் இருக்கிறது, நான்காவது விடையிலும் இருக்கிறது. எது முந்தியது என்பதை இரண்டுமே சொல்லிவிடுகின்றன. ஆகவே முன்பின் பார்ப்பதோடு நின்றுவிட்டால் இந்த இரண்டுக்கும் நடுவே எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. வேறொன்றையும் பார்க்க வேண்டும். அந்த வேறொன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பெயர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். 'ஹேட் பெயின்ட்டட்' என்பது பாஸ்ட் பெர்ஃபெக்ட். 'ஹேட் பீன் பெயின்ட்டிங்' என்பது பாஸ்ட் பெர்ஃபெக்ட் கன்டின்யூயஸ். இனி முன்னதைப் பெர்ஃபெக்ட் என்றும் பின்னதைக் கன்டின்யூயஸ் என்றும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கையில் பச்சைப் பெயின்ட் என்கிற விவரத்தை எடுத்துவிட்டு, மிச்சத்தை மட்டும் இரண்டு வாக்கியங்களாக எழுதிப் பார்ப்போம்.

'வென் ஐ கேம் ஹோம், மை பிரதர் ஹேட் பெயின்ட்டட் த கேட்.'

'வென் ஐ கேம் ஹோம், மை பிரதர் ஹேட் பீன் பெயின்ட்டிங் த கேட்.'

முதல் வாக்கியத்தைப் படித்ததும் கண்ணில் தெரிவது கேட். அது முழுக்கப் பச்சையாக, முடிந்த வேலையாக நிற்கிறது. தம்பி எங்கே என்று தெரியாது. குளித்துவிட்டு டீக்கடைக்குப் போயிருக்கலாம், மாடியில் தூங்கிக்கொண்டிருக்கலாம். அவன் காலையில் அடித்தானா, முந்தின நாளே அடித்தானா என்பதும் தெரியாது. நான் வந்த நேரத்தில் வேலை முடிந்திருந்தது, அவ்வளவுதான் சேதி.

இரண்டாவது வாக்கியத்தில் கண்ணில் தெரிவது தம்பி. பனியனில் பெயின்ட் தெறித்திருக்கிறது, டர்பன்டைன் வாசனை வீசுகிறது, பிரஷ் டப்பா மேல் கிடக்கிறது. அவன் இந்த நிமிஷம் நிறுத்தியிருக்கலாம், இன்னும் தொடரவும் செய்யலாம். கேட் பாதிதான் ஆகியிருக்கிறதா, முழுக்க முடிந்ததா என்று வாக்கியம் வாயே திறக்காது. அதன் அக்கறை செயல் மீது, செயல் நீண்ட நேரத்தின் மீது, அது விட்டுச்சென்ற தடயத்தின் மீது.

இப்போது கைடின் கேள்விக்குத் திரும்பினால், கை ஏன் பச்சை? கேட் முடிந்ததால் அல்ல. கேட்டை முடித்துவிட்டுக் கைகழுவியவனுக்கும் கேட் முடிந்துதான் இருக்கும், ஆனால் கை சுத்தமாக இருக்கும். கை பச்சையாக இருப்பதற்குக் காரணம் அவன் இவ்வளவு நேரம் அந்த வேலையில் இருந்தது. காரணமாக நிற்பது முடிவு அல்ல, செயல். ஆகவே கன்டின்யூயஸ். 'ஹேட் பெயின்ட்டட்' போட்டால் இலக்கணம் உடைந்துவிடாது, ஆங்கிலேயர் யாரும் திகைக்கவும் மாட்டார்கள். ஆனால் இருப்பதில் பொருத்தமானதைத் தேர்ந்தெடு என்று கேட்டால் நான்காவதுதான். கைடு சரி.

அவளுக்கு இன்னொரு கேள்வியும் கொடுத்துப் பார்த்தேன். 'கேட் புதுசு போல இருந்தது, ஏனென்றால் தம்பி...' உடனே 'ஹேட் பெயின்ட்டட்' என்றாள். சரி. புதுசு போலத் தெரிவதற்குக் காரணம் முடிந்த வேலை. அதே தம்பி, அதே கேட், அதே பெயின்ட். இரண்டாவது சம்பவத்துக்கு முதல் சம்பவத்திடமிருந்து என்ன தேவைப்படுகிறது என்பதுதான் மாறியது. முடிவு தேவையென்றால் பெர்ஃபெக்ட், ஓட்டம் தேவையென்றால் கன்டின்யூயஸ்.

இந்த 'ஹேட்' எதற்காக என்பதைத் தெளிவாக விளக்கியவர் இலக்கண ஆசிரியர் அல்ல, தத்துவவாதி. ஹன்ஸ் ரைக்கன்பாக் ஜெர்மனியில் பிறந்தவர். ஹிட்லர் வந்ததும் நாட்டை விட்டு வெளியேறி, இஸ்தான்புல்லில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு, கலிபோர்னியாவில் பேராசிரியரானவர். 1947இல் வெளிவந்த தன் தர்க்கவியல் நூலில் வினைச்சொற்களின் காலத்துக்குச் சில பக்கங்கள் ஒதுக்கினார். ஒரு வாக்கியத்தின் காலத்தை அறிய இரண்டு புள்ளிகள் போதாது, மூன்று வேண்டும் என்றார். பேசும் நேரம் ஒன்று. சம்பவம் நடந்த நேரம் ஒன்று. இவை இரண்டும் நமக்குத் தெரிந்தவை. மூன்றாவது, நாம் எங்கே நின்றுகொண்டு அந்தச் சம்பவத்தைப் பார்க்கிறோமோ அந்த நேரம்.

தம்பி கதையில் நான் பேசுவது இன்றைக்கு. நான் போய் நிற்பது அன்றைக்கு வீட்டு வாசலில், உள்ளே நுழைந்த அந்த நிமிஷத்தில். அங்கே நின்றுகொண்டு இன்னும் பின்னால் திரும்பிப் பார்த்தால் தெரிவது பெயின்ட் அடித்தது. இப்படி இறந்தகாலத்துக்குள்ளேயே ஒரு வாசற்படி போட்டு, அங்கிருந்து பின்னால் பார்ப்பதற்குத்தான் 'ஹேட்'. வாசற்படி இல்லையென்றால் 'ஹேட்' வேண்டியதில்லை. பின்னால் பார்க்கும்போது கண்ணில் படுவது முடிந்து கிடக்கும் பொருளா, வாசற்படி வரைக்கும் ஓடிவரும் செயலா என்பது அடுத்த கேள்வி. அதற்குத்தான் இரண்டு வடிவங்கள்.

நம் பிள்ளைகளுக்கு இது ஏன் குழம்புகிறது என்றால், தமிழ் இந்த வேலையை வேறு விதமாகச் செய்கிறது. 'நான் ஸ்டேஷனுக்குப் போனபோது ரயில் போய்விட்டது' என்று சாதாரணமாகச் சொல்கிறோம். போய்விட்டிருந்தது என்று எழுதலாம்தான், ஆனால் யாரும் அப்படிப் பேசுவதில்லை. கேட்பவருக்கு ரயில் முதலில் போனது, இவர் பிறகு வந்தார் என்று சந்தேகமில்லாமல் புரியும். இதையே அப்படியே ஆங்கிலத்தில் போட்டு, 'வென் ஐ ரீச்டு த ஸ்டேஷன், த டிரெயின் லெஃப்ட்' என்று எழுதினால் கதை தலைகீழாகிவிடுகிறது. நான் உள்ளே நுழைந்தேன், என் கண்ணெதிரே ரயில் கிளம்பியது என்று ஆகிறது. 'ஹேட் லெஃப்ட்' என்றால்தான் நான் வருமுன்பே போய்விட்டது.

இதே ஸ்டேஷனில் கன்டின்யூயஸையும் நிறுத்திப் பார்க்கலாம். 'வென் ஐ ரீச்டு த ஸ்டேஷன், த டிரெயின் ஹேட் பீன் ஸ்டாண்டிங் தேர் ஃபார் ட்வென்டி மினிட்ஸ்.' நான் போனபோது ரயில் இருபது நிமிஷமாக நின்றுகொண்டிருந்தது. எது முதலில் என்று கேட்டால் ரயில் நின்றதுதான் முதலில். அதில் மாற்றமில்லை. ஆனால் முன்னதில் ரயில் கிடைக்கவில்லை, பின்னதில் கிடைத்துவிட்டது! 'எது முதலில் நடந்தது' என்று கேட்கும் வினாக்களில் பலர் சறுக்குவது இங்கேதான். கன்டின்யூயஸைப் பார்த்ததும், ஒன்று முடிந்து மற்றொன்று நடந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். பெர்ஃபெக்டில் முந்தியது முடிந்தே விட்டது. கன்டின்யூயஸில் முந்தியது தொடங்கியது மட்டுமே உறுதி. அது இரண்டாவது சம்பவத்தின் தோளை வந்து தொடுகிறது, சிலசமயம் அதைத் தாண்டியும் போகிறது. ஆகவே கன்டின்யூயஸ் வரும் வாக்கியத்தில் 'எது முதலில் தொடங்கியது' என்று கேளுங்கள், 'எது முதலில் முடிந்தது' என்று கேட்காதீர்கள்.

இதற்கு நேர்மாறாக, தமிழ் நமக்கு ஒரு சாவியையும் கையில் கொடுத்திருக்கிறது. 'இரண்டு மணி நேரமாகக் காத்திருந்தேன், அப்புறம்தான் பஸ் வந்தது.' இதில் நேரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் 'ஆக' என்ற சின்ன ஒட்டைக் கவனியுங்கள். இரண்டு மணி நேரமாக, மூன்று நாளாக, காலையிலிருந்து. பின்னால் தொடங்கி இந்தப் புள்ளி வரைக்கும் என்ற பொருளை அந்த ஒட்டே சுமக்கிறது. வினைச்சொல் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் அந்தச் சுமை வினைச்சொல்லின் தலையில். அதனால்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் 'ஐ வாஸ் வெயிட்டிங் ஃபார் டூ ஹவர்ஸ் வென் த பஸ் கேம்' என்று எழுதுகிறார்கள். காத்துக்கொண்டிருந்தேன் என்பதற்கு 'வாஸ் வெயிட்டிங்' சரியாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் 'வாஸ் வெயிட்டிங்' பஸ் வந்த அந்த நொடியை மட்டும் படம் பிடிக்கிறது. இரண்டு மணி நேரம் அந்த நொடிக்குள் அடங்காது. அந்த நொடியில் நின்று பின்னால் திரும்பிப் பார்த்தால்தான் இரண்டு மணி நேரம் தெரியும். திரும்பிப் பார்ப்பதென்றால் 'ஹேட்'. ஆகவே 'ஐ ஹேட் பீன் வெயிட்டிங் ஃபார் டூ ஹவர்ஸ் வென் த பஸ் கேம்.'

பரீட்சை ஹாலில் வாக்கியத்தை மனசுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். நேரத்தோடு 'ஆக' வந்து, அது இரண்டாவது சம்பவம் வரைக்கும் நீண்டால், பெரும்பாலும் கன்டின்யூயஸ். அக்கா மகளிடம் இதைச் சொன்னபோது, "அப்போ 'கொண்டிருந்தேன்' வந்தாலே கன்டின்யூயஸ்தானே மாமா?" என்றாள். அதை நம்பக்கூடாது. 'இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருந்தேன்' என்கிறோம், அதில் கொண்டு இல்லை. ஆங்கிலத்தில் 'ஹேட் பீன் சிட்டிங்'தான் வரும். 'அவர் வந்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்' என்பதில் கொண்டு இருக்கிறது. ஆங்கிலத்தில் வெறும் 'வாஸ் ஈட்டிங்' போதும். துப்பு கிடைப்பது வினையிடம் அல்ல, நேரத்திடம்.

சாவி ஒரு பூட்டுக்குப் பொருந்தாது. 'அவரை அப்போதே பத்து வருஷமாகத் தெரியும்.' இதில் 'ஆக' இருக்கிறது, ஆனால் 'ஹேட் பீன் நோயிங்' என்று ஆங்கிலத்தில் கிடையாது. 'ஹேட் நோன்' மட்டுமே. தெரிந்திருப்பது, சொந்தமாக வைத்திருப்பது, நம்புவது, பிடித்துப்போயிருப்பது போன்றவை செயல்கள் அல்ல, நிலைகள். நிலைக்கு ஓட்டம் கிடையாது. கடையைப் பத்து வருஷமாக வைத்திருந்தார் என்றால் 'ஹேட் ஓன்ட்'. அதே கடையைப் பத்து வருஷமாக நடத்திவந்தார் என்றால் 'ஹேட் பீன் ரன்னிங்'. வைத்திருப்பதற்கு உடம்பு அசைய வேண்டியதில்லை, நடத்துவதற்கு அசைய வேண்டும்.

நொடியில் முடிந்துவிடும் வினைகளும் கன்டின்யூயஸில் நிற்கத் தயங்கும். கண்ணாடி உடைவது, சாவி கிடைப்பது, விருந்தாளி வந்து சேர்வது எல்லாம் கண் சிமிட்டும் நேரம். 'என் மாமா காலையிலிருந்து வந்து சேர்ந்துகொண்டிருந்தார்' என்று தமிழிலும் சொல்ல முடியாது. ஆனால் கல்யாண வீட்டில் விருந்தாளிகள் காலையிலிருந்து வந்துகொண்டே இருப்பார்கள். ஒருவர் வருவது நொடி, ஐம்பது பேர் வருவது ஓட்டம். அங்கே 'கெஸ்ட்ஸ் ஹேட் பீன் அரைவிங் சின்ஸ் மார்னிங்' தாராளமாக வரும்.

தமிழ் நம்மை வழிதவற வைக்கும் இடம் ஒன்றும் உண்டு. 'நேற்று மதுரைக்குப் போயிருந்தேன்.' இப்படிச் சொல்லாத தமிழர் உண்டா? போயிருந்தேன் என்பதில் இருந்தேன் இருக்கிறதே, ஆகவே 'எஸ்டர்டே ஐ ஹேட் கான் டு மதுரை' என்று எழுதுகிறோம். அலுவலகக் கடிதங்களில் பாதி இப்படித்தான் வருகிறது. தமிழில் போயிருந்தேன் என்பதற்கு இரண்டாவது சம்பவம் தேவையில்லை. போய், அங்கே இருந்து, வந்தேன் என்ற கதையை அது தனியாகவே சொல்லிவிடும். ஆங்கில 'ஹேட்' அப்படித் தனியாக நிற்காது. 'போயிருந்தாயா, சரி, அப்போது என்ன நடந்தது?' என்று கேட்பவர் காத்துக்கொண்டே இருப்பார். நடந்தது ஒன்றே ஒன்று என்றால் 'வென்ட்' போதும். நான் மதுரைக்குப் போயிருந்தேன், அந்த நேரம் பார்த்து வீட்டில் தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது என்றால் 'ஹேட் கான்' சரி. வாசற்படி கிடைத்துவிட்டதல்லவா.

கேள்வி வடிவத்திலும் இந்த இரண்டும் வரும். டாக்டரிடம் காட்டப் போன அனுபவம் எல்லாருக்கும் உண்டு. டோக்கன் வாங்கி, பெஞ்சில் இடம்பிடித்து, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்து, ஒருவழியாக முறை வருகிறது. வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்பாள், "உன்னைக் கூப்பிடும்போது எவ்வளவு நேரமா உட்கார்ந்திருந்தே?" ஆங்கிலத்தில் 'ஹவ் லாங் ஹேட் யூ பீன் சிட்டிங் தேர் வென் தே கால்டு யூ?' அப்பா கேட்பார், "உனக்கு முன்னாடி எத்தனை பேரைப் பார்த்திருந்தார்?" ஆங்கிலத்தில் 'ஹவ் மெனி பேஷன்ட்ஸ் ஹேட் த டாக்டர் சீன் பிஃபோர் யூ?' எவ்வளவு நேரமாக என்று கேட்டால் ஓட்டம், எத்தனை என்று கேட்டால் முடிந்த கணக்கு. எண்ணிச் சொல்ல வேண்டுமானால் ஒவ்வொன்றும் முடிந்திருக்க வேண்டும். அதனால் எண்ணிக்கையும் கன்டின்யூயஸும் ஒரே வாக்கியத்தில் சேராது. நாற்பது பேரைப் பார்த்திருந்தார் என்றால் 'ஹேட் சீன் ஃபார்ட்டி பேஷன்ட்ஸ்'. ஆறு மணியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார் என்றால் 'ஹேட் பீன் சீயிங் பேஷன்ட்ஸ் சின்ஸ் சிக்ஸ்'. கேள்வி வாக்கியத்தில் 'ஹேட்' மட்டும் ஆளுக்கு முன்னால் தாவும், 'பீன்' ஆளுக்குப் பின்னால் தன் இடத்திலேயே நிற்கும். 'ஹவ் லாங் ஹேட் பீன் யூ சிட்டிங்' என்று இரண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவது அடிக்கடி காணும் பிழை.

'பீன்' என்றதும் இன்னொன்று. அதைப் பார்த்தவுடனே கன்டின்யூயஸ் என்று கட்டம் கட்டிவிடாதீர்கள். 'த கேட் ஹேட் பீன் பெயின்ட்டட்' என்றால் கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கப்பட்டிருந்தது. அது செயப்பாட்டுவினை, காலம் வெறும் பெர்ஃபெக்ட்தான். வாலில் 'இங்' இருந்தால்தான் கன்டின்யூயஸ். கேட் தனக்குத் தானே பெயின்ட் அடித்துக்கொள்ளாது என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும்.

இனி, நல்ல மாணவர்களும் விழுகிற ஒரு குழி. 'த டாக்டர் லெஃப்ட் பிஃபோர் ஐ ஹேட் டோல்டு ஹிம் எவ்ரிதிங்.' எது முதலில் நடந்தது? 'ஹேட்' இருப்பது சொன்னதில், ஆகவே சொன்னது முதலில், டாக்டர் கிளம்பியது பிறகு. அக்கா மகள் இப்படித்தான் சொன்னாள். விதியை நம்பினால் வேறு விடை வராது. ஆனால் நடந்தது வேறு. டாக்டர் கிளம்பிவிட்டார், நான் சொல்லி முடிக்கவே இல்லை. 'ஹேட்' ஏந்திய சம்பவம் பிந்தியதுகூட அல்ல, நடக்காமலே போனது!

இது ஆங்கிலத்தின் விநோதம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். தமிழில் சொல்லிப் பார்த்தால் நொடியில் பிடிபடும். 'நான் எல்லாவற்றையும் சொல்லி முடிப்பதற்குள் டாக்டர் கிளம்பிவிட்டார்.' அந்த 'முடிப்பதற்குள்' என்பதன் வேலையைத்தான் 'பிஃபோர்' பக்கத்தில் வந்த 'ஹேட்' செய்கிறது. இங்கே அது முந்தியது என்று காட்டவில்லை, முழுமையாகவில்லை என்று காட்டுகிறது. 'பிஃபோர்' என்ற சொல்லைக் கண்டால் 'ஹேட்' எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். 'பிஃபோர்' இல்லாத பக்கம் இருந்தால் வழக்கமான விதி செல்லும். 'பிஃபோர்' ஒட்டிய பக்கம் இருந்தால் மனசுக்குள் 'அதற்குள்' போட்டுப் படியுங்கள். முன்பின்னை அங்கே முடிவு செய்வது 'பிஃபோர்'தான், 'ஹேட்' அல்ல.

அன்றைக்குச் சாயந்திரம் வரை உட்கார்ந்து கைடில் அந்தப் பாடத்தின் கேள்விகளை எல்லாம் போட்டுப் பார்த்தோம். பெரும்பாலானவை ஒழுங்காக இருந்தன. இரண்டு வகைக் கேள்விகளில் மட்டும் எனக்குக் கோபம் வந்தது.

ஒன்று இப்படி இருந்தது. 'அந்த வீட்டை விற்றபோது அவர்கள் அங்கே பத்து வருஷமாக வாழ்ந்திருந்தார்கள்.' கொடுத்த விடைகளில் 'ஹேட் லிவ்டு', 'ஹேட் பீன் லிவிங்' இரண்டுமே உண்டு. கைடு பின்னதை மட்டும் சரி என்கிறது. வாழ்வது, வேலை பார்ப்பது போன்ற வினைகள் நிலையாகவும் இருக்கும், செயலாகவும் இருக்கும். பத்து வருஷம் என்று கால அளவு சொன்ன பிறகு இரண்டு வடிவமும் ஆங்கிலத்தில் சரி. பொருளில் வித்தியாசம் மயிரிழைதான். இன்னொன்று 'ஆஃப்டர்' வந்த கேள்வி. 'வேலையை முடித்த பிறகு வீட்டுக்குப் போனாள்.' விடை 'ஆஃப்டர் ஷி ஹேட் ஃபினிஷ்டு' மட்டுமே என்று போட்டு, 'ஆஃப்டர் ஷி ஃபினிஷ்டு' தப்பு என்கிறார்கள். எது முந்தியது என்பதை 'ஆஃப்டர்' என்ற சொல்லே சொல்லிவிட்ட பிறகு 'ஹேட்' இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் தினமும் விட்டுவிடுகிறார்கள்.

தேர்வு எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது: 'ஆஃப்டர்' வந்து 'ஹேட்' உள்ள விடையும் இருந்தால் அதையே குறித்துவிடுங்கள், மதிப்பெண்ணோடு சண்டை வேண்டாம். கால அளவோடு வாழ்வதும் வேலை பார்ப்பதும் வந்தால் கன்டின்யூயஸைக் குறியுங்கள், பெரும்பாலான கைடுகள் அதைத்தான் எதிர்பார்க்கின்றன.

வினாத்தாள் எடுக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கையில் பச்சைப் பெயின்ட் என்று ஒரு விவரம் கொடுத்தீர்கள் பாருங்கள், அது நல்ல கேள்வி. அந்த ஒரு விவரத்தால் விடை ஒன்றாகச் சுருங்கியது. அப்படி ஒரு கறையோ, ஒரு எண்ணிக்கையோ, ஒரு காரணமோ கொடுக்க முடியவில்லை என்றால், இரண்டு வடிவங்களையும் ஒரே கேள்வியின் விடைப் பட்டியலில் வைக்காதீர்கள்.